ஒரு ரீபில் கடைக்காரனின் ஒப்புதல்

லேசர் பிரிண்டர் கார்ட்ரிட்ஜுக்கு டோனர் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன், திருநெல்வேலியில். தொழிலில் எனக்கு நல்ல பெயர்தான். அந்தப் பெயருக்கு அடியில் கிடப்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். பல வருடங்களாகக் கழிவு டோனரைச் சாக்கடையிலும் காலி மனையிலும் கொட்டினேன். கொஞ்ச காலம் அதையே சலித்துப் புது டோனரோடு கலந்து வாடிக்கையாளர்கள் தலையில் கட்டினேன். ஒரிஜினல் காலி கார்ட்ரிட்ஜுகளை, எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்தே, பெட்டியோடு விற்றேன். இவ்வளவையும் செய்துகொண்டு, ‘ரீபில் செய்வீர், சுற்றுச்சூழல் காப்பீர்’ என்று கடை போர்டில் பச்சைப் பெயின்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

கழிவு டோனர் என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. கார்ட்ரிட்ஜில் இருந்த தூள் முழுக்கத் தாளுக்குப் போய்விட்டது, இப்போது அது வெறும் டப்பா என்றுதான் நினைப்பார்கள். நம் ஊர்களில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கண்ணில் படுகிற 12ஏ கார்ட்ரிட்ஜையே எடுத்துக்கொள்வோம். எச்பி லேசர்ஜெட் 1020, எம்1005 இரண்டுக்கும் அதுதான். கேனன் எல்பிபி 2900இல் போடும் 303உம் உள்ளே பார்த்தால் கிட்டத்தட்ட அதேதான். பக்கவாட்டில் உள்ள இரண்டு பின்களை உருவினால் கார்ட்ரிட்ஜ் இரண்டாகப் பிரியும். ஒரு பாதியில் புது டோனர் இருக்கும் அறை. தூளை எடுத்துக் கொடுக்கும் மேக்னடிக் ரோலர் அதோடு இருக்கும். மறு பாதியில் பச்சையாகவோ நீலமாகவோ பளபளக்கும் டிரம், அதை மின்னேற்றும் ரோலர், டிரம்மைத் துடைக்கும் வைப்பர் பிளேடு, அந்த பிளேடுக்குப் பின்னால் இன்னொரு அறை.

அந்த இன்னொரு அறைதான் விஷயம். டிரம்மில் ஒட்டிய டோனர் எல்லாமே தாளுக்குப் போவதில்லை. கொஞ்சம் டிரம்மிலேயே தங்கிவிடும். அடுத்த சுற்றுக்கு டிரம் சுத்தமாக வேண்டும் என்பதால், வைப்பர் பிளேடு அந்த மிச்சத்தை வழித்து இந்த அறைக்குள் தள்ளும். 12ஏயில் ஏறக்குறைய நூறு கிராம் டோனர் நிரப்புவோம். அடுத்த முறை ரீபில்லுக்கு வரும்போது அந்த அறையைத் தட்டினால் பத்துப் பதினைந்து கிராம் கொட்டும். ஒரு கார்ட்ரிட்ஜுக்கு இது ஒன்றுமே இல்லைதான். நாளைக்கு ஐந்து கார்ட்ரிட்ஜ் பார்க்கும் ஒரு சின்னக் கடைக்கு, பத்து கிராம் என்று குறைத்தே வைத்தாலும், தினமும் ஐம்பது கிராம். வருடத்துக்கு முந்நூறு வேலை நாள் என்றால் பதினைந்து கிலோ ஆகிறது. ஒரு ஊரில் என் கடை மாதிரி எத்தனை கடை இருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பதினைந்து கிலோவில் ஒரு பங்கு ப்ளோயரில் போனது. எங்கள் தொழிலில் ப்ளோயர் இல்லாத கடை கிடையாது. கார்ட்ரிட்ஜைக் கழற்றி, கடை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, தெருப் பக்கம் பார்த்து ஊதுவோம். கறுப்பாக ஒரு புகை கிளம்பி நொடியில் காணாமல் போய்விடும். போன மாதிரிதான் தெரியும். டோனர் துகளின் அளவு ஐந்திலிருந்து பத்து மைக்ரான். அவ்வளவு சின்னது காற்றில் நின்று நிதானமாகத்தான் இறங்கும். அதில் பெரும்பங்கு பிளாஸ்டிக் பிசின். 12ஏ போன்றவற்றில் இரும்பு ஆக்சைடும் நிறையவே இருக்கும், மேக்னடிக் ரோலர் அதைப் பிடித்து இழுப்பதே அதனால்தான். கறுப்புக்குக் கார்பனும் ஒட்டாமல் ஓடச் சிலிக்காவும் சேர்ப்பார்கள். தொட்டால் உயிர் போகிற நஞ்சு அது இல்லை. மிகைப்படுத்தி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. ஆனால் நாள் முழுக்க மூச்சில் இழுக்கக் கூடிய பொருளும் அது இல்லை. நானாவது வாயில் கர்ச்சீப் கட்டியிருந்தேன். பக்கத்துக் கடைத் திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா எதையும் கட்டியிருக்கவில்லை.

இன்னொரு பங்கு சாக்கடைக்குப் போனது. டோனர் தண்ணீரில் கரையாது. கொட்டியதும் படலமாக மிதக்கும், பிறகு சேற்றோடு சேர்ந்துவிடும், மழை வந்தால் ஓடிவிடும். திருநெல்வேலியில் சாக்கடைத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று தாமிரபரணிக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நுண்பிளாஸ்டிக் பற்றிப் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் நான் படித்திருக்கிறேன். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் வெயிலில் நொறுங்கி, தேய்ந்து, பல வருடம் கழித்துத்தான் அந்த அளவுக்கு வரும். நான் கொட்டியதோ நொறுங்க வேண்டிய வேலையே இல்லாமல் தூளாகவே பிறந்த பிளாஸ்டிக்.

காலி மனைக் கதை இன்னும் மோசம். கழிவைப் பாலிதீன் பையில் கட்டி, கடைக்குப் பின்னால் குப்பை சேரும் மனையில் எறிவது சில மாதம் வழக்கமாக இருந்தது. ஒரு காலையில் தூய்மைப் பணி செய்யும் அம்மா ஒருவர் அங்கே சருகைக் கூட்டிப் பற்றவைத்திருந்தார். என் பையும் குவியலுக்குள் இருந்திருக்கிறது. அவர் கம்பால் கிளறியதும் பை கிழிந்து தூள் மேலே எழும்பியது. குப்பென்று ஒரு தீ. அடுத்த நொடி அடங்கியும் விட்டது. கையில் முடி கருகியதோடு போனது, அவருடைய நல்ல காலம், என்னுடையதும். “என்ன எழவுத் தூளுய்யா இது, மாவு மாதிரி பறந்து பத்திக்கிட்டு!” என்று கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்த கூட்டத்தில் நானும் நின்றேன். யார் போட்டது என்று அவர் கேட்டபோது, “தெரியலையேம்மா” என்றேன்.

மாவு என்று அவர் சொன்னது மிகச் சரி. குவியலாகக் கிடக்கும் டோனருக்கு நெருப்பு வைத்தால் அது உருகும், புகையும், மெதுவாகத்தான் எரியும். அதே தூள் காற்றில் மேகமாக எழும்பிவிட்டால் ஒவ்வொரு துகளையும் சுற்றிக் காற்று இருக்கிறது. அத்தனையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். மாவு மில்லில் நெருப்பைக் கண்டு பயப்படுவதும் இதனால்தான். கார்ட்ரிட்ஜைத் தீயில் போடாதீர்கள் என்று பிரிண்டரோடு வரும் கையேட்டில் எழுதியிருப்பார்கள். எத்தனையோ பிரிண்டரைப் பிரித்து மாட்டிய நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லை. சிந்திய டோனரைச் சாதாரண வேக்கம் கிளீனரால் உறிஞ்சக் கூடாது என்பதற்கும் காரணம் பாதி இதுவேதான். நுண்துகள் அதன் வடிகட்டியைத் தாண்டிப் பின்பக்கமாக வெளியே வரும். உள்ளே மோட்டார்ப் பொறியோ நிலைமின்சாரமோ பட்டால் பற்றவும் கூடும். ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதுதான் முறை. கையிலோ சட்டையிலோ பட்டால் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். வெந்நீர் ஊற்றினால் பிசின் இளகி ஒட்டிக்கொள்ளும், பிறகு அந்தச் சட்டை கடைக்கு மட்டும்தான் ஆகும். என்னிடம் அப்படிப்பட்ட சட்டைகள் நிறைய உண்டு.

தீக்குப் பயந்து கொட்டுவதை நிறுத்தினேன். ஆனால் நிறுத்திவிட்டு நான் செய்தது அதைவிடக் கேவலம். சேர்ந்த கழிவை மெல்லிய துணியில் சலித்து, புது டோனரோடு கலந்து நிரப்ப ஆரம்பித்தேன். வீணாக்காமல் பயன்படுத்துகிறோம், இதுவும் மறுசுழற்சிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழித்தெடுத்த டோனர் பார்வைக்குப் புதுசு போலத்தான் இருக்கும். அதில் தாளின் தூசி கலந்திருக்கும், எந்தத் துணியில் சலித்தாலும் அது முழுதாகப் போகாது. மின்னேற்றத்தைச் சரியாகப் பிடிக்காத துகள்கள்தான் முதலில் அந்தக் கழிவு அறைக்கு வந்து சேர்கின்றன என்பது அதைவிட முக்கியம். டிரம் மின்சாரக் கணக்கில் ஓடுகிற பொருள். எங்கே கறுப்பு வர வேண்டும், எங்கே வெள்ளை நிற்க வேண்டும் என்பதை மின்னேற்றம்தான் சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்காத துகள், வெள்ளை இடத்திலும் போய் உட்கார்ந்துவிடும்.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் கார்ட்ரிட்ஜைத் திரும்பக் கொண்டுவந்தார். “அண்ணாச்சி, வெள்ளைத் தாளு வெள்ளையா வரலியே” என்றார். எழுத்து கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் தாள் முழுக்க மெல்லிய சாம்பல். எனக்குக் காரணம் தெரியும். “மழைக்காலம்லா, பேப்பர் ஈரம் இழுத்திருக்கும்” என்றேன். அவர் நம்பினார். புதுக் கட்டு பேப்பர் வாங்கிப் போனார், அதுவும் என் கடையிலேயே. இரண்டாம் மாதம் அவருடைய டிரம்மில் மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்து, ஒவ்வொரு பக்கத்திலும் நெடுகக் கோடு வந்தது. தாள் தூசி வைப்பர் பிளேடில் சிக்கிக்கொண்டு டிரம்மை அறுத்ததன் பலன். டிரம்மையும் பிளேடையும் மாற்றிக் காசு வாங்கினேன்.

என்னைப் போன்ற ஆளிடம் நீங்கள் ஏமாறாமல் இருக்க ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒன்றும் எழுதாத வெற்றுப் பக்கம் ஒன்றை அச்சடித்து, கட்டிலிருந்து எடுத்த புதுத் தாளுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். இன்னொரு வகை ஏமாற்றும் உண்டு. கார்ட்ரிட்ஜைப் பிரிக்காமலே டோனர் அறையில் ஓட்டை போட்டு, ஊற்றி, டேப்பால் அடைத்துக் கொடுப்பது. ஐந்து நிமிட வேலை, விலையும் குறைவு. ஆனால் கழிவு அறையை யாரும் காலி செய்யவில்லையே. இரண்டு மூன்று முறை இப்படி நிரப்பினால் அது நிறைந்து வழியும். தாளின் ஓரத்தில் கறுப்புத் திட்டு விழும், பிரிண்டருக்குள்ளும் தூள் படியும். உங்கள் கார்ட்ரிட்ஜில் டேப் ஒட்டிய ஓட்டை இருந்தால் அதன் கழிவு இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

காலி கார்ட்ரிட்ஜ் விற்றதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறைகூட நிரப்பப்படாத ஒரிஜினல் காலிக்குச் சந்தையில் நல்ல விலை. பெட்டியும் உள்ளே வரும் உறையும் கிழியாமல் இருந்தால் இன்னும் கூடும். வாங்க வருபவர், “பெட்டிய மட்டும் பாத்துப் பிரிச்சு வைங்க அண்ணாச்சி” என்பார். பழைய டப்பாவுக்கு எதற்குப் பெட்டி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததற்குத்தான் எனக்கு அந்தக் கூடுதல் காசு. மலிவு டோனரை நிரப்பி, அதே பெட்டியில் போட்டு, புதுசு என்று விற்பார்கள். அலுவலகங்களில் ஒரிஜினல் மாற்றும்போது காலியை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கி வந்த பெட்டிகள் அவை. கொடுத்தவர்கள் நான் எங்கோ முறையாகச் சேர்ப்பதாக நினைத்திருந்தார்கள்.

என் தவறுகளில் எது பெரிது என்று கேட்டால், பலரும் சாக்கடையைச் சொல்வார்கள். பச்சைப் பெயின்டில் எழுதிய வாசகம்தான் பெரிது என்று நான் சொல்வேன்.

ஏனென்றால் ஒரிஜினல் கார்ட்ரிட்ஜுக்குப் போய்ச் சேர ஒரு வழி இருக்கிறது. கேனன் 1990இல், எச்பி 1991இல், காலி டோனர் கார்ட்ரிட்ஜுகளைத் திரும்பப் பெறத் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவிலும் எச்பியின் இணையதளத்தில் பதிவு செய்து திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் கேட்பது தங்கள் ஒரிஜினலை. யாரோ பிரித்து, எங்கிருந்தோ வந்த டோனரை நிரப்பியதை ஏற்பதில்லை. ஆகவே நான் முதல் முறை அந்தப் பின்னை உருவும்போதே அந்த வழியை அடைத்துவிடுகிறேன். ரீபில் தவறு என்று சொல்லவில்லை. ஒரு கார்ட்ரிட்ஜை மூன்று நான்கு முறை ஓட்டினால் அத்தனை புதுக் கார்ட்ரிட்ஜ் செய்ய வேண்டியதில்லை, அது உண்மையான லாபம்தான். ஆனால் நான்காவது முறைக்குப் பிறகு டிரம் தேய்ந்து, ரோலர் போய், அதே டப்பா என் மேசையில் கிடக்கும். அப்போது அது நிறுவனத்துக்கும் வேண்டாம், காலி வாங்குபவருக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். கடைசியாகப் பிரித்தவன் நான். அது என்னுடையது. நிரப்புவதற்குக் காசு வாங்கிய நான் முடிப்பதற்குக் காசு ஒதுக்கவே இல்லை. பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுவிடுவேன். அங்கே டிரம்மின் அலுமினியத்தையும் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியையும் உடைத்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொளுத்திவிடுவார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின் பட்டியலிலேயே பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் சேர்ந்திருந்தது. அவற்றுக்குப் பதிலாக வந்த 2022 விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. மின்கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். நான் இதைத் தெரிந்துகொண்டது அரசாங்கம் வந்து சொல்லி இல்லை. வங்கிக் கிளை ஒன்றின் ஒப்பந்தத்துக்கு மனுப் போட்டேன். கழிவை எங்கே கொடுக்கிறீர்கள், ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஆக, மனசாட்சி என்னைத் திருத்தியது என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. வியாபாரம் போனது, அதனால் விசாரித்தேன்.

மறுசுழற்சி நிறுவனம் ஒன்றுக்குப் போன் செய்தபோது, உதிரித் தூளைப் பையில் கொண்டுவராதீர்கள் என்றார்கள். “நீங்க டோனர் வாங்குற பாட்டில் இருக்கும்லா, அதுலயே அடைச்சு மூடி போட்டுக் கொண்டாங்க” என்றார் பேசியவர். இத்தனை வருடம் அந்தக் காலி பாட்டில்களையும் நான் தனியாகக் குப்பையில் எறிந்துகொண்டிருந்தேன். இப்போது கழிவு அறையைத் திறந்த பாத்திரத்தில் தட்டுவதில்லை. அகன்ற புனலை பாட்டிலில் வைத்து, கார்ட்ரிட்ஜை அதன்மேல் மெல்லச் சாய்த்து, தூள் கிளம்பாமல் இறக்குகிறேன். முகத்துக்கு என்95 மாஸ்க். ப்ளோயரைப் பூட்டி வைத்துவிட்டேன், வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. நிறைந்த பாட்டிலின் மூடியை டேப்பால் சுற்றி, மேலே ‘கழிவு டோனர்’ என்று எழுதி, வெயில் படாத மூலையில் வைக்கிறேன். எழுதாவிட்டால் கடைப் பையன் புது டோனர் என்று எடுத்து நிரப்பிவிடுவான். செத்த கார்ட்ரிட்ஜுகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக் கட்டி, குப்புற வைக்காமல் படுக்கையாக அடுக்குகிறேன். அட்டைப் பெட்டிகள் சில நிறைந்ததும் லாரி சர்வீஸில் போட்டு அனுப்பி, ரசீது வாங்கிக்கொள்கிறேன். அங்கே மூடிய அறையில், தூசியை உறிஞ்சியபடியே இயந்திரம் அரைக்கும். இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் தனித்தனியாகப் பிரியும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவை எங்கே சேர்ப்பது? ஒவ்வொரு ரீபில்லுக்கும் பத்து ரூபாய் கூட்டினேன். எதிர்த்த கடையில் பத்து ரூபாய் குறைவு என்று சிலர் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பத்து ரூபாய்க் குறைவில்தான் நானும் இத்தனை வருடம் வியாபாரம் செய்தேன். கழிவைத் தூக்கி எறிகிறவனின் விலை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

ஒப்புக்கொள்ள வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. அந்தத் தூய்மைப் பணியாளர் அம்மாவிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இன்றைக்கும் எங்கள் தெருவுக்கு அவர்தான் வருகிறார்.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததும், ரீபில் செய்வதா திருப்பிக் கொடுப்பதா என்பதை முதல் தடவையே முடிவு செய்யுங்கள், பிரித்த பிறகு அந்த வாய்ப்பு கிடையாது. திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் பழைய உறையிலேயே போட்டு ஒட்டி வையுங்கள். யாரிடம் காலியைக் கொடுத்தாலும் பெட்டியைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். ரீபில்தான் என்றால் என்னைப் போன்ற கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கழிவு அறையைக் காலி செய்தீர்களா, அந்தத் தூள் எங்கே? ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். என்னிடமும் கேளுங்கள்.